எட்டாக் கிளையும் கவியும் நிபந்தனையும்: ஒரு கடன் முடிவு மரத்தைச் சோதித்தல்

கடன் விண்ணப்பம் ஒன்றை ஏற்பதா மறுப்பதா என்பதற்கான விதிகளை வரைபடமாக எழுதி வைக்கும் வழக்கம் நிதி நிறுவனங்களில் உண்டு. உச்சியில் ஒரு வினா இருக்கும். அதன் விடைக்கேற்பக் கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் மற்றொரு வினாவோ, 'ஏற்பு', 'மறுப்பு' என்னும் முடிவோ நிற்கும். இதனை முடிவு மரம் என்கிறோம். மொழி பயில்வோருக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. ஒவ்வொரு கிளையும் 'இருந்தால்' என்று முடியும் ஒரு நிபந்தனையே. மரம் முழுவதும் அத்தகைய நிபந்தனைகளின் கோவையே.

இக்கோவையில் இரண்டு குறைகள் எளிதில் புகுந்துவிடும். எந்த விண்ணப்பதாரரும் ஒருபோதும் சென்றடைய முடியாத கிளை ஒன்று. அதனை எட்டாக் கிளை என்போம். ஒரே விண்ணப்பதாரர் ஒரே வினாவின் இரண்டு கிளைகளுக்கும் பொருந்திவிடுவது மற்றொன்று. அதனைக் கவியும் நிபந்தனை என்போம். இவற்றைக் கண்டறியும் முறையை, விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட சிறிய மரம் ஒன்றைக் கொண்டு காண்போம்.

1. வயது 21க்குக் குறைவு என்றால் மறுப்பு. மற்றவர்கள் 2ஆம் வினாவுக்குச் செல்வர்.
2. மாத வருமானம் 2,000 வெள்ளிக்குக் குறைவு என்றால் மறுப்பு. 2,000 முதல் 4,000 வரை என்றால் 3ஆம் வினா. 4,000 அல்லது அதற்கு மேல் என்றால் 4ஆம் வினா.
3. வருமானத்தில் கடன் தவணைகளுக்குச் செல்லும் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல் என்றால் மறுப்பு. 40 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் ஏற்பு.
4. ஆண்டு வருமானம் 30,000 வெள்ளிக்குக் குறைவு என்றால் பிணையாளர் தேவை. மற்றவர்களுக்கு ஏற்பு.

மேலோட்டமாகப் படிப்பவருக்கு இதில் பிழை தென்படாது. ஒவ்வொரு வரியும் தனித்தனியே நன்கு பொருள் தருகிறது. வரிகளை இணைத்துப் படிக்கும்போதுதான் குறை வெளிப்படும்.

முதலில் எட்டாக் கிளையைத் தேடுவோம். உச்சியிலிருந்து ஒவ்வொரு முடிவு வரையிலும் உள்ள நிபந்தனைகளை ஒரே வாக்கியமாகக் கோத்து எழுத வேண்டும். பிணையாளர் கேட்கும் கிளைக்கு அவ்வாக்கியம் இவ்வாறு அமையும்: 'வயது 21க்குக் குறையாதவரும், மாத வருமானம் 4,000 வெள்ளிக்குக் குறையாதவரும், ஆண்டு வருமானம் 30,000 வெள்ளிக்குக் குறைந்தவரும் ஆகிய ஒருவர்.' இத்தகைய ஒருவர் இருக்க முடியுமா? மாதம் 4,000 வெள்ளி பெறுபவருக்குப் பன்னிரண்டு மாதங்களில் 48,000 வெள்ளி சேரும். அது 30,000க்குக் குறையாது. ஆகவே இக்கிளையை எவரும் எட்ட முடியாது. பிணையாளர் வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் அவ்விதி எவரிடமும் பிணையாளரைக் கேட்காது.

ஆனால் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். 'ஆண்டு வருமானம்' என்பதன் பொருள் என்ன? இப்போதைய மாத வருமானத்தின் பன்னிரண்டு மடங்கு என்றால், மேற்கண்ட முடிவு சரியே. சென்ற ஆண்டு உண்மையில் பெற்ற மொத்த வருமானம் என்றால், முடிவு மாறிவிடும். சென்ற ஆண்டு ஆறு மாதங்கள் மட்டும் மாதம் 4,000 வெள்ளிக்கு வேலை செய்தவர் 24,000 வெள்ளியே பெற்றிருப்பார். அவர் அக்கிளையை எட்டுவார்; எட்டவும் வேண்டும். எனவே ஒரு கிளை எட்டாதது என்று தீர்ப்பதற்கு எண்கள் மட்டும் போதா. சொற்களின் வரையறையும் வேண்டும். வரையறையைக் கேட்காமல் அக்கிளையை வெட்டிவிடுபவர், தேவையான பாதுகாப்பு ஒன்றை வெட்டிவிடக்கூடும்.

பழைய விண்ணப்பங்களை மரத்தில் செலுத்திப் பார்த்தாலே போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது. நூறு விண்ணப்பங்களில் ஒன்றுகூட ஒரு கிளைக்குச் செல்லவில்லை என்றால், அது எட்டாக் கிளையாக இருக்கலாம்; அரிதாக எட்டும் கிளையாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது பாதை வாக்கியமே.

அடுத்து, கவியும் நிபந்தனை. இங்கே ஒரே வினாவின் கிளைகளை இரண்டிரண்டாக எடுத்து இணைக்க வேண்டும். 'மாத வருமானம் 2,000 முதல் 4,000 வரை உள்ளவரும், 4,000 அல்லது அதற்கு மேல் உள்ளவரும் ஆகிய ஒருவர்' இருக்க முடியுமா? சரியாக 4,000 வெள்ளி பெறுபவர் அத்தகையவரே. அவருடைய தவணைப் பங்கு 45 விழுக்காடு என்று கொள்வோம். நடுக்கிளை வழியே சென்றால் 3ஆம் வினா அவரை மறுத்துவிடும். மேற்கிளை வழியே சென்றால் தவணைப் பங்கு கேட்கப்படுவதே இல்லை. ஆண்டு வருமானம் 48,000 என்றால் கடன் கிடைத்துவிடும். ஒரே மனிதர், ஒரே வரைபடம், இரண்டு முடிவுகள். கணினி நிரலில் எந்தக் கிளை முதலில் எழுதப்பட்டதோ அதுவே வெல்லும். எழுத்தர் கையால் பார்த்தால், அவர் கண் முதலில் படும் கிளையே வெல்லும்.

இரு சோதனைகளிலும் கேட்பது ஒரே வினாதான்: இவ்வாக்கியத்துக்குப் பொருந்தும் ஒருவர் இருக்க முடியுமா? பாதை வாக்கியத்துக்கு 'முடியும்' என்ற விடை வேண்டும். இணைந்த கிளைகளுக்கு 'முடியாது' என்ற விடை வேண்டும்.

எல்லை எண்களை உற்றுநோக்கும்போது மூன்றாவது குறை ஒன்றும் புலப்படும். 3ஆம் வினாவில் பங்கு சரியாக 40 விழுக்காடு என்றால், அது 40க்கு மேலும் அன்று, கீழும் அன்று. அவருக்குக் கிளையே இல்லை. ஆகையால் மரத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று மதிப்புகளைச் சோதிப்பது நல்லது: அந்த எண், அதற்குச் சற்றுக் கீழ், சற்று மேல். 4,000 வெள்ளிக்கு அவை 3,999.99, 4,000, 4,000.01 ஆகும்.

இக்குறைகளின் வேர் பெரும்பாலும் சொல்லில்தான் உள்ளது. 'வெள்ளிக்கிழமை வரை விடுமுறை' என்றால் வெள்ளியும் சேருமா என்று கேட்கத் தோன்றுகிறது. '18 வயதுக்கு மேற்பட்டோர்' என்பதில் பதினெட்டு வயதினரையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. பேச்சில் இந்நெகிழ்ச்சி தீங்கு செய்வதில்லை, விதியில் செய்யும். நல்லவேளையாகத் தமிழில் ஐயமற்ற சொற்கள் உள்ளன. 'குறையாமல்' என்பது எல்லை எண்ணையும் உள்ளடக்கி மேல்நோக்கிச் செல்லும். 'மிகாமல்' என்பது எல்லை எண்ணையும் உள்ளடக்கிக் கீழ்நோக்கிச் செல்லும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் பிணையின்றி வழங்கும் கடனுக்கான உச்சவரம்பு விதியும் இம்முறையைப் பின்பற்றுகிறது. ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவு. 10,000க்குக் குறையாமல் 20,000க்குக் குறைவு. 20,000க்குக் குறையாமல் என அதில் மூன்று பிரிவுகள் உள்ளன. எந்த வருமானமும் இரண்டு பிரிவுகளில் விழாது. எந்த வருமானமும் விடுபடாது.

நம் மரத்தையும் அவ்வாறே திருத்தலாம். 2ஆம் வினாவின் நடுக்கிளை '2,000க்குக் குறையாமல் 4,000க்குக் குறைவு' என்றாகும். 3ஆம் வினாவில் '40 விழுக்காட்டுக்கு மிகாமல்' என்றால் ஏற்பு, மிகுந்தால் மறுப்பு. சரியாக 40 என்பதை ஏற்பின் பக்கம் சேர்ப்பது இலக்கணம் சொல்லும் முடிவன்று. கடன் கொடுப்பவரே அதனை முடிவு செய்ய வேண்டும். 4ஆம் வினாவில் 'சென்ற நாட்காட்டியாண்டில் பெற்ற மொத்த வருமானம்' என்று எழுதினால், எட்டாதிருந்த கிளை எட்டும் கிளையாகும்.

இச்சோதனையின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. விதிகள் தம்முள் முரணின்றி உள்ளனவா என்பதை மட்டுமே இது காட்டும். 40 விழுக்காடு என்பது பொருத்தமான வரம்பா, மாதம் 4,000 வெள்ளி பெறுபவரிடம் தவணைப் பங்கைக் கேட்காமல் விடுவது முறையா என்பன வேறு வினாக்கள். ஆயினும் எந்த விண்ணப்பதாரருக்கும் ஒரே ஒரு விடையைத் தரும் மரம் கையில் இருந்தால்தான், அந்த விடை நியாயமானதா என்ற வாதத்தையே நாம் தொடங்க முடியும்.