செடியில் இருக்கும்போதே விற்கும் தக்காளி

கோயம்பேட்டு வியாபாரி லாரியிலிருந்து இறங்கிய சரக்கைத்தான் விற்கிறார். ஓட்டல்களுக்கும் சிறிய காய்கறிக் கடைகளுக்கும் இயற்கை விளைபொருள் அனுப்பும் விவசாயிகள் கூட்டமைப்பின் பிழைப்பு அப்படியில்லை. ஞாயிறு இரவு அது அனுப்பும் மின்னஞ்சலில் உள்ள தக்காளி இன்னும் செடியில்தான் இருக்கிறது. திங்கள் மதியம் இரண்டு மணிக்குள் ஆர்டர் வரவேண்டும். மாலையில் யார் எவ்வளவு பறிக்க வேண்டும் என்று விவசாயிகளுக்குத் தகவல் போகும். செவ்வாய் விடியலில் பறித்து, அன்றே வண்டியேற்றுவார்கள். கீரையை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. வெண்டையைப் பறிக்காமல் இரண்டு நாள் விட்டாலே முற்றிவிடும்.

ஆகவே அந்த மின்னஞ்சலில் உயிர்நாடி, அளவைச் சொல்லும் எண். அதை எப்படிப் போடுகிறார்கள்? நான்கு தோட்டங்களிலிருந்து மொத்தம் 400 கிலோ தக்காளி வரும் என்று உறுப்பினர்கள் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர் 400 என்று எழுதமாட்டார். போன வாரங்களில் ஒவ்வொருவரும் சொன்னது எவ்வளவு, கொண்டுவந்தது எவ்வளவு என்று அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். நூறு என்று சொல்லி எண்பது கொண்டுவருபவருக்கு எண்பதுதான் கணக்கு. அப்படிக் கழித்தால் 330 தேறுகிறது. தரம் பிரித்தால் முதல் தரம் 200, இரண்டாம் தரம் 100, மீதி 30 கழிவு. முதல் தரத்தில் 20 கிலோவைக் கைவசம் நிறுத்திக்கொள்கிறார். யாருக்காவது பெட்டியில் எடை குறைந்தாலோ பழம் நசுங்கினாலோ ஈடுகட்ட அது வேண்டும். கடைசியில் மின்னஞ்சலில் இப்படி வருகிறது:

நாட்டுத் தக்காளி, முதல் தரம்: 180 கிலோ, 15 கிலோ பெட்டி. செங்காய், நான்கு நாள் தாங்கும்.
நாட்டுத் தக்காளி, குழம்புத் தரம்: 100 கிலோ. நன்றாகப் பழுத்தது, மழையில் வெடிப்பு உண்டு. வந்த அன்றே சமைக்கவும்.

ஒரே தக்காளிக்கு இரண்டு வரி போட்டதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கடைக்காரர் அதைத் தட்டில் அடுக்கி இரண்டு மூன்று நாள் விற்கவேண்டும். அவருக்குச் செங்காய்தான் சரி. ரசத்துக்கும் குழம்புக்கும் அரைக்கப்போகும் ஓட்டல்காரருக்கு வெடிப்பைப் பற்றிக் கவலையில்லை. பழுத்ததும் விலை குறைந்ததும் போதும். வெடிப்பை மறைத்து ஒரே வரியாக எழுதினால் கடையிலிருந்து பெட்டி திரும்பி வரும். வயலின் அழகான படங்களால் மின்னஞ்சலை நிரப்புவதை நான் ஆதரிப்பதில்லை. சமையல்கட்டில் ஈரக் கையோடு செல்பேசியைப் பார்ப்பவருக்கு முதல் திரையிலேயே அளவும் விலையும் கெடுவும் தெரிந்தால் போதும்.

திங்கள் இரவு மழை பெய்துவிட்டால்? முதல் தரத்தில் பாதி வெடித்துப்போகும். செவ்வாய்க் காலையில் ஓட்டல் சமையலறை சுறுசுறுப்படையும் முன்பே, உங்களுக்கு எத்தனை பெட்டி குறையும் என்று ஒரு வரி போய்ச்சேர வேண்டும். தெரிந்தால் அவர் சந்தையில் வாங்கிக்கொள்வார். வண்டி வந்து நின்ற பிறகு தெரிந்தால் அன்றைய மெனுவே கெட்டுவிடும்.

இதைத் தொடர்ந்து சொல்லாமல் விடும் கூட்டமைப்புக்கு ஒரு விசித்திரமான நோய் வரும். பத்துப் பெட்டி கேட்டால் ஏழுதான் வருகிறது என்று பழகிய வாடிக்கையாளர், பத்து தேவைப்படும்போது பதினைந்து கேட்கத் தொடங்குவார். ஆர்டர் கூடுகிறதே என்று அலுவலகத்தில் மகிழ்வார்கள். கூடுதலாகப் பறிக்கச் சொல்வார்கள். நல்ல விளைச்சல் வாரத்தில் கேட்ட பதினைந்தும் முழுதாகப் போய்ச்சேர, ஐந்து பெட்டி திரும்பி வரும். ஒருவரின் ஆர்டர் ஏறிக்கொண்டே போய், கூடவே திருப்பி அனுப்புவதும் ஏறினால், அது விற்பனை வளர்ச்சியல்ல. நம்பிக்கை போனதன் அடையாளம்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும்: ‘ஆர்கானிக்’. 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிமுறைப்படி அந்தப் பெயரில் விற்க, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதிக்கும் பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும். சிறு விவசாயி நேராக வீட்டுக்கு விற்றால் விலக்கு உண்டு. கடைக்கு விற்கும்போது அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ரசாயன உரத்தை விட்ட நிலத்தில் உடனே சான்று கிடைப்பதில்லை. தேசியத் திட்டத்தின்படி ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றுக்காலம். அதனால் சென்ற ஆண்டு சேர்ந்த உறுப்பினரின் கத்தரிக்காயை, மற்றவர்கள் கத்தரியோடு கொட்டிக் கலக்காமல், ‘மாற்றுக்காலம்’ என்று குறித்துத் தனி வரியில், தனி விலையில் போடுகிறார்கள். அந்த மின்னஞ்சலை நம்பித்தான் ஓட்டல்காரர் தன் மெனு அட்டையில் ‘ஆர்கானிக் எண்ணெய்க் கத்தரிக்காய்’ என்று அச்சடிக்கப்போகிறார்.