இரண்டு பிரியாக்கள், ஒரே மதிப்பெண் பட்டியல்

பள்ளி அலுவலகத்தின் எக்செல் பட்டியலில் 42 பேர். வகுப்பாசிரியரின் பட்டியலில் 41 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 'S. Lakshmi', மற்றதில் 'Laxmi S'. இன்ஷியல் முன்னும் பின்னும் மாறும் நம் ஊரில் பெயரை நம்பிப் பட்டியல்களை இணைக்க முடியாது. வரிசை எண்ணைப் பிடித்துத்தான் இணைக்க வேண்டும்.

அதுவும் நேராக இருப்பதில்லை. 0017 என்று தட்டினால் எக்செல் அதை எண்ணாகக் கருதி 17 ஆக்கிவிடும். வேறெங்கிருந்தோ ஒட்டிய பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு பட்டியல்களிலும் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்து இந்தச் சூத்திரத்தைப் போட்டால் எல்லா எண்ணும் நான்கு இலக்கத்துக்கு வந்துவிடும்:

```
=TEXT(VALUE(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," "))),"0000")
```

பழைய பத்தியை அழிக்கக் கூடாது. ஏன் என்பது பின்னால் தெரியும்.

இப்போது 38 எண்கள் பொருந்துகின்றன. அலுவலகப் பட்டியலில் 4 பேரும் வகுப்புப் பட்டியலில் 3 பேரும் மிஞ்சுகிறார்கள். பிறந்த தேதியை வைத்துப் பார்த்தால் இருவர் இரண்டிலும் உண்டு. லட்சுமியின் 0163 வகுப்பில் 0136 ஆகியிருக்கிறது, இன்னொருவருக்கும் அதே கதை. அலுவலகத்தில் மிஞ்சிய இருவர் டி.சி. வாங்கிப் போனவர்கள். வகுப்பில் மிஞ்சியவர் புதிதாகச் சேர்ந்தவர். ஆக, இன்று படிப்பவர்கள் 41 பேர்.

மிஞ்சியவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள் தாமாகவே கண்ணில் படுவார்கள். பொருந்திய 38 பேரில்தான் வில்லங்கம். வகுப்பில் R. பிரியா இருவர், அவர்களின் எண்கள் வகுப்புப் பட்டியலில் இடம் மாறிக் கிடக்கின்றன. எண் பொருந்துகிறது, பெயரும் பொருந்துகிறது, ஆள் மட்டும் வேறு. பிறந்த தேதியையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

எந்த எண் சரி என்பதை சேர்க்கைப் பதிவேடு சொல்லும். ஆனால் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதியது வகுப்பில் சொன்ன எண்ணை. அதனால் ஒரு மாணவருக்கு ஒரு வரி, அதில் அலுவலக எண், வகுப்பு எண் இரண்டும் என்று ஒரு பாலப் பட்டியல் தேவை. திருத்திய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பிரியாவின் மதிப்பெண் மற்றவளுக்குப் போய்விடும்.

மதிப்பெண்ணைச் சேர்க்கும்போது வகுப்பு எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும்:

```
=VLOOKUP(C2,Marks!A:B,2,FALSE)
```

மதிப்பெண் தாளின் முதல் பத்தியும் அதே நான்கு இலக்க வடிவில் இருக்க வேண்டும். கடைசியில் உள்ள FALSE-ஐ விட்டுவிட்டால், எண் கிடைக்காதபோது கிட்டத்தட்ட உள்ள வேறொருவரின் மதிப்பெண் சத்தமில்லாமல் வந்து உட்காரும். ஒரே எண் இருமுறை இருந்தால் முதல் வரியை மட்டும் எடுக்கும்; முன்னதாக COUNTIF போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தேர்வுக்கு வராதவரின் கட்டம் காலியாக இருந்தால் 0 என்று வரும். வராதவருக்கு மதிப்பெண் தாளிலேயே AB என்று போட்டுவிட்டுத்தான் இணைப்பைத் தொடங்க வேண்டும்.