தரைக்குக் கீழே எத்தனை மூட்டை?

15 அடிக்கு 12 அடி, 180 சதுர அடி ஹால். இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போடப்போகிறீர்கள். மேஸ்திரி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, “மூணு மூட்டை சிமெண்ட் இறக்குங்க சார், போதும்” என்கிறார். வேலை முக்கால்வாசி முடியும்போது சிமெண்ட் தீர்ந்துபோகிறது. அடுத்த மூட்டைக்கு ஆள் ஓடுகிறான். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. கலவை ஒரு இஞ்ச் கனம் வரும் என்று அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டார். தரையோ ஒன்றரை இஞ்ச் கேட்டது.

டைல்ஸுக்கு அடியில் போகும் எந்தப் பொருளானாலும் கணக்கு ஒன்றுதான்: பரப்பளவை கனத்தால் பெருக்க வேண்டும். பரப்பளவை எல்லோரும் டேப் பிடித்து அளந்துவிடுகிறோம். கனத்தைத்தான் யாரும் அளப்பதில்லை.

அதற்கு டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்த பிளாஸ்டிக் குழாயை வைத்து, நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டு மட்டத்தில் நூல் கட்டி, அங்கிருந்து கான்கிரீட் தரை வரை ஒரு பத்து இடத்தில் அளந்து குறியுங்கள். மூலைகள் மட்டும் போதாது, நடு ஹாலிலும் அளக்க வேண்டும். நம் ஹாலில் மிகக் குறைந்த அளவு 36 இஞ்ச், சராசரி 36½ இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த அளவு வந்த இடம்தான் தரையின் மேடு. அங்கே ஒரு இஞ்சாவது கலவை வேண்டும் என்றால், ஹால் முழுக்கச் சராசரி ஒன்றரை இஞ்ச் ஆகிறது.

ஒன்றரை இஞ்ச் என்பது ஓர் அடியில் எட்டில் ஒரு பங்கு. 180ஐ 8ஆல் வகுத்தால் 22½ கன அடி. இது தரையில் கிடக்கும் ஈரக் கலவையின் அளவு. உலர்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டதும் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து சுருங்கிவிடும். நாலு சட்டி உலர் சரக்கு கலந்தால் மூன்று சட்டி கலவைதான் கிடைக்கும். ஆகவே 22½ கன அடிக் கலவைக்கு 30 கன அடி உலர் சரக்கு வேண்டும். ஒன்றுக்கு ஐந்து கலவை என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 கன அடி சிமெண்ட். மீதி 25 கன அடி எம் சாண்ட். 50 கிலோ சிமெண்ட் மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி இருக்கும் என்பதால் 4 மூட்டை. மணல் கால் யூனிட். மேஸ்திரி நினைத்தபடி ஒரு இஞ்ச் மட்டும் என்றால் இதே கணக்கில் மூன்று மூட்டைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். தகராறு அந்த அரை இஞ்சில் இருந்தது.

இது படுக்கைக் கலவைக்கு மட்டும். டைல்ஸை வைப்பதற்கு முன் மேலே ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு, கெட்டியாகக் கரைத்தால், ஒன்றரை மூட்டை வரை தனியாகப் போகும். இதைச் சேர்க்க மறந்துவிட்டு, “சிமெண்ட் எங்கேயோ போகுது” என்று வாட்ச்மேனைச் சந்தேகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“பசை போட்டு ஒட்டினால் கலவையே வேண்டாமாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம்தான், தரை ஏற்கெனவே மட்டமாக இருந்தால். பசை மில்லிமீட்டர் கணக்கில் போடும் பொருள். ஒன்றரை இஞ்ச் பள்ளத்தை அதை வைத்து நிரப்ப முடியாது. நம் ஹாலில் பசை போட்டாலும் அடியில் மட்டக் கலவை போட்டு, நீராற்றி, காயவிட்டாக வேண்டும். அந்த 4 மூட்டை குறையாது. சிமெண்ட் பால்தான் மிச்சம். பிறகு ஏன் பசை? விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க வழியில்லை. பசையில் இருக்கும் பாலிமர் அந்த வழவழப்பான முதுகையும் பற்றிக்கொள்ளும்.

பசையின் கனத்தை முடிவு செய்வது பல் வைத்த கரண்டி. 10 மி.மீ. பல் உள்ள கரண்டியால் இழுத்தால் வரிவரியாக நிற்கும். டைல்ஸை வைத்து அழுத்தியதும் வரிகள் சரிந்து, பல் உயரத்தில் ஏறக்குறைய பாதி, 5 மி.மீ. படுக்கை ஆகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோ பவுடர் பிடிக்கும். அப்படியானால் சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ. நம் ஹால் 16.7 சதுர மீட்டர் என்பதால் 125 கிலோ, 20 கிலோ பையில் 7 பை வாங்க வேண்டும். பையின் மேல் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் 4 பையோடு நின்றுவிடுவீர்கள். அந்தக் கணக்கு வழக்கமாக 3 மி.மீ. கனத்துக்கு. இரண்டடி டைல்ஸுக்கு அது போதாது. வேலை தொடங்கியதும் ஒட்டிய முதல் டைல்ஸை ஈரத்தோடு பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும். வரிகள் அப்படியே தெரிந்தால் நடுவில் காற்று நிற்கிறது. பின்னாளில் நாணயத்தால் தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வருவதும், கனமான பாத்திரம் விழுந்தால் கீறல் விடுவதும் அந்த இடங்களில்தான்.

கிரவுட் கணக்கை மட்டும் பரப்பளவில் தொடங்காமல் நீளத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு டைல்ஸுக்கும் நாலு பக்கம் இருந்தாலும், ஒவ்வொரு இடைவெளியையும் பக்கத்து டைல்ஸோடு பங்கிட்டுக்கொள்கிறது. ஆக ஒரு டைல்ஸுக்கு உரியது ஒரு நீளமும் ஓர் அகலமும். இரண்டுக்கு இரண்டில் அது 4 அடி. டைல்ஸ் 4 சதுர அடி. சதுர அடிக்கு ஓர் அடி ஜாயிண்ட் என்று ஆகிறது. ஒன்றுக்கு ஒன்று டைல்ஸில் சதுர அடிக்கு இரண்டு அடி வரும்.

நம் ஹாலில் 180 அடி, அதாவது 55 மீட்டர் ஜாயிண்ட். இடைவெளி 2 மி.மீ., டைல்ஸ் கனம் 9 மி.மீ. என்று கொண்டு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் சுமார் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் இடத்தை நிரப்பச் சுமார் 1.6 கிலோ சிமெண்ட் கிரவுட் பவுடர் வேண்டும். சேதாரத்துக்கும் சேர்த்து 2 கிலோ. இடைவெளியை 3 மி.மீ. ஆக்கினால் சேதாரம் சேர்க்காமலே 2.4 கிலோ. ஒற்றை மி.மீ. பாதிக்குப் பாதி கூட்டிவிடுகிறது. அடியிலிருந்து கலவையோ பசையோ இடைவெளிக்குள் ஏறி இறுகியிருந்தால் கணக்கைவிடக் குறைவாகவே செலவாகும். சந்தோஷப்பட வேண்டாம், கிரவுட் ஆழமாக இறங்கவில்லை என்றுதான் அர்த்தம். சீக்கிரம் உதிரும். ஈரம் காய்வதற்குள் சுரண்டிவிடச் சொல்லுங்கள்.

“பேப்பர் ஜாயிண்ட் போட்டுடலாம், கோடே தெரியாது” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே பெட்டி டைல்ஸிலேயே அளவு இம்மி கூடக் குறைய இருக்கும். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அந்த வித்தியாசம் வரிசையைக் கோணலாக்கும். அதைவிட மோசம், அடியில் உள்ள கலவை மாதக்கணக்கில் மெல்லச் சுருங்குவதும், வெயிலில் டைல்ஸ் விரிவதும். விரிய இடமில்லாத டைல்ஸ்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஒருநாள் வெடிச் சத்தத்தோடு இரண்டு கூரைபோல எழுந்து நிற்கும். 2 மி.மீ. ஸ்பேசர் வைப்பதோடு, சுவரை ஒட்டிச் சுற்றிலும் 6 மி.மீ. விட்டு, அதில் கிரவுட் உட்பட எதையும் அடைக்காமல் காலியாக வைக்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங் டைல்ஸ் அதை மூடிவிடும்.