ஆறு பேட்டிகளுக்குப் பின் மாறிய கேள்வி

முனைவர் பட்ட மாணவர்கள் முழுக் களப்பணியில் இறங்குமுன் நாலைந்து பேரிடம் முன்னோட்டப் பேட்டி எடுப்பது வழக்கம். கேள்விகள் புரிகின்றனவா, வரிசை சரியா என்று பார்ப்பதுதான் நோக்கம். சில நேரம் அந்தப் பேட்டிகளில் ஆய்வின் அடிப்படைக் கேள்வியே நிற்காமல் போய்விடுகிறது. அப்போது நெறியாளருக்கு எழுதும் கடிதம், ஆய்வேட்டின் எந்த இயலுக்கும் குறையாத கவனத்தோடு எழுதப்பட வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். இதனால் மிச்சமாகும் பணத்தைப் பெண்கள் எதற்குச் செலவிடுகிறார்கள் என்பது ஒரு மாணவியின் ஆய்வுக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். சென்னை கண்ணகி நகரில், வீட்டு வேலைக்குப் போகும் ஆறு பெண்களிடம் அவர் பேசுகிறார். மூன்றாவது பேட்டியில் ஒரு பெண் கேட்கிறார்: “மிச்சமா? முன்னாடி பஸ்ல ஏறியிருந்தாத்தானேம்மா மிச்சமாகும்?” முன்பு அவர் நடந்துபோகும் தூரத்தில், துரைப்பாக்கம் அடுக்ககங்களில் மட்டுமே வேலை பார்த்தவர். பயணம் இலவசமான பிறகுதான் அடையாறில் ஒரு வீட்டை ஒப்புக்கொண்டார். கட்டணமே செலுத்தாதவருக்கு மிச்சம் எங்கிருந்து வரும்? ஆறு பேரில் நாலு பேரின் கதை ஏறத்தாழ இதுதான்.

உடனே கேள்வியை மாற்றிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. பேட்டி ஒட்டாமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கேட்ட சொல் புரியாமல் இருக்கலாம். பேச வேண்டிய ஆட்கள் வேறாக இருக்கலாம். முதல் சந்தேகத்தைத் தீர்க்க, நாலாவது பேட்டியிலிருந்து மாணவி ‘மிச்சம்’ என்பதையே விட்டுவிட்டு, “இலவசம் வர்றதுக்கு முன்னாடி வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்கிறார். “ஒண்ணும் ஆகல, நடந்துதான் போவேன்” என்றே பதில் வருகிறது. ஆக, சொல்லில் கோளாறு இல்லை.

ஆட்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. முன்பே காசு கொடுத்துப் பேருந்தில் போனவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தகையவர்களாகத் தேடிப் பிடித்தால் பழைய கேள்வியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் இந்தத் திட்டத்தால் எவருடைய வேலையே இடம் மாறியதோ, அவர்கள் ஆய்வுக்கு வெளியே போய்விடுவார்கள். இந்தத் தேர்வை நெறியாளர் முன் வைப்பதுதான் கடிதத்தின் உயிர்நாடி. “பேட்டிகளில் புதிய கோணம் கிடைத்தது” என்று மட்டும் எழுதினால், அவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய அம்மா, பெண்கள் முன்பும் இதே தடத்தில் காசு கொடுத்துப் பயணித்தார்கள் என்று என் ஆய்வு முன்மொழிவில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு பேட்டிகளில் நாலில் அது பொருந்தவில்லை. கேள்வியை வேறு சொற்களில் கேட்டும் பதில் மாறவில்லை. உரிய பகுதிகளின் எழுத்துப்படியை இணைத்துள்ளேன். கட்டணம் செலுத்திய இருவரும், அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடுவதால் தனியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். ஆகவே, ‘கட்டணமில்லாப் பயணம் வந்தபின், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எந்த வீடுகளை ஏற்கிறார்கள், எவற்றை விடுகிறார்கள், ஏன்?’ என்று கேள்வியை மாற்ற உங்கள் இசைவைக் கோருகிறேன். ஆறு பேரை வைத்து இது எவ்வளவு பரவலானது என்று நான் சொல்ல வரவில்லை; என் அனுமானம் தவறக்கூடும் என்பதற்கு மட்டுமே இவை சான்று.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆறு பேட்டிகள் ஓர் அனுமானத்தை அசைக்கப் போதும். “பெரும்பாலான பெண்கள்” என்று எழுதப் போதாது. பழைய முடிவைப் போலவே புதியதையும் முன்கூட்டியே எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அதனால்தான் புதிய கேள்வியில் ‘எவற்றை விடுகிறார்கள்’ என்பதும் இடம்பெறுகிறது. இலவசப் பேருந்துக்குக் காத்திருந்து நேரம் தவறி வேலையை இழந்தவர் இருந்தால், அவர் குரலுக்கும் இடம் வேண்டும்.

கேள்வி மாறினால் வேலையும் மாறும் என்பதைக் கடிதம் மறைக்கக் கூடாது. செலவுக் கணக்குப் படிவம் இனி உதவாது. ஒவ்வொருவரும் எந்த ஆண்டில் எந்த வீட்டில் வேலை பார்த்தார், எப்படிப் போனார் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். தூர வீட்டை ஏற்றவர்களோடு, அருகிலேயே தங்கிவிட்டவர்களையும் சந்திக்க வேண்டும். காலையில் நிறுத்தத்தில் நின்று பார்ப்பதும் சேரும். இதற்கெல்லாம் எத்தனை மாதம் கூடுதலாகும் என்பதையும் எழுதிவிட வேண்டும். பதிவு செய்த ஆய்வுத் தலைப்பு மாறுகிறதென்றால் ஆய்வுக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும்.

எடுத்து முடித்த ஆறு ஒலிப்பதிவுகளை என்ன செய்வது? அந்தப் பெண்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் ‘வீட்டுச் செலவு பற்றிய ஆய்வு’ என்றுதான் இருக்கிறது. பதிவுகளைப் புதிய ஆய்வில் சேர்ப்பதானால், புதிய நோக்கத்தைச் சொல்லி அவர்களிடம் மறுபடி ஒப்புதல் கேட்க வேண்டும். மறுப்பவரின் பேட்டியை விட்டுவிட வேண்டும். அறநெறிக் குழு திருத்திய படிவத்தை ஏற்கும்வரை ஏழாவது பேட்டி கிடையாது.