“முடியாது” என்பதற்கு மூன்று வரிகள்
மூணாறு, பறம்பிக்குளம் பயணிகளுக்கு மறுப்புக் கடிதம் எழுதும் முறை

தை மாதம் கழிந்ததும் மூணாறு விடுதிகளின் அலுவலக மேசைக்கு ஒரே மாதிரியான மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். “குடும்பத்துடன் வருகிறோம். ராஜமலையில் வரையாடு பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்து வையுங்கள்.”

இதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: முடியாது. வரையாடுகள் குட்டி போடும் காலமென்று இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். ராஜமலை அந்தப் பூங்காவைச் சேர்ந்தது.

அந்த மேசைகளில் அமர்ந்து பதில் எழுதுவோரில் தமிழர்கள் நிறையப் பேர். முடியாது என்று எழுதுவதில் அவர்களுக்குக் கஷ்டம் இல்லை. அதை ஒரே கடிதத்தில் முடிப்பதில்தான் கஷ்டம்.

பேரத்துக்கு அழைக்கும் பதில்

சென்னையிலிருந்து ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கு அறை கேட்டு, ராஜமலை டிக்கெட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் இருக்கும் எழுத்தர் இப்படிப் பதில் அனுப்புகிறார்: “தங்கள் கடிதம் கிடைத்தது. தற்சமயம் ராஜமலை டிக்கெட் கிடைப்பது சிரமம். வருந்துகிறோம்.”

பதிலில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. ஆனால் “சிரமம்” என்ற சொல்லை அந்தக் குடும்பத்தார் எப்படிப் படிப்பார்கள்? சிரமப்பட்டால் கிடைக்கும் என்றுதான். மறுநாளே அடுத்த கடிதம் வரும்: “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். கூடுதல் பணம் தருகிறோம்.” அதற்கும் மழுப்பலாகப் பதில் போனால் மூன்றாவது கடிதம் கோபத்தோடு வரும்.

இத்தனைக்கும் காரணம், முதல் கடிதத்தில் மூன்று விஷயங்கள் விடுபட்டதுதான். விதி என்ன, அது ஏன், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?

மாற்றி எழுதினால்

அதே பதிலை இப்படி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் இரவிகுளம் பூங்கா பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கும். ஆகவே ராஜமலைக்கு டிக்கெட் எடுத்துத் தர இயலாது. இது கேரள வனத்துறையின் உத்தரவு. எல்லாப் பயணிகளுக்கும் பொருந்தும்.

வரையாடுகள் குட்டி ஈனும் காலம் இது. ஆட்கள் நெருங்கினால் தாயும் குட்டியும் மிரண்டு பிரிந்துபோகும் என்பதால் பூங்காவை மூடுகிறார்கள்.

தங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பயணத்தை ஏப்ரல் நடுவுக்கு மாற்றிக்கொண்டால் இதே வாடகையில் அறை தருகிறோம். பூங்கா திறக்கும் தேதி அறிவிக்கப்பட்டதும் எழுதுகிறோம். பிப்ரவரியில்தான் வர முடியும் என்றால், திரும்பும்போது மறையூர், உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுங்கள். அந்த மலைப்பாதை ஓரத்தில் வரையாடுகள் அடிக்கடி தென்படும். கண்டிப்பாகத் தென்படும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டில் எது வசதி என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் அறையை அதற்கேற்பப் பதிவு செய்கிறோம்.”

கடிதம் நீளம்தான். ஆனால் படிப்பவருக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. எதைத் தேர்வது என்று முடிவு செய்வதுதான் பாக்கி.

வரிசை ஏன் முக்கியம்?

விதி முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். கைப்பேசியில் படிப்பவர் பலர் முதல் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. விதியைப் போட்டவர் யார் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். வனத்துறை உத்தரவு என்று தெரிந்துவிட்டால் விடுதிக்காரரிடம் பேரம் பேசிப் பயனில்லை என்பது புரிந்துவிடும்.

காரணம் உண்மையாகவும் விதிக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். ஆட்டின் கதை நீளும் என்று நினைத்து “கூட்டம் அதிகம்” என்று எழுதினால், “விடியற்காலையிலேயே வந்துவிடுகிறோம்” என்று பதில் வரும். பொய்யான காரணத்துக்கு எப்போதும் ஒரு பரிகாரம் இருக்கும். வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

மாற்று வழியில்தான் தவறு அதிகம் நேர்கிறது. தன் கையில் இல்லாததை எழுத்தர் வாக்குக் கொடுத்துவிடுகிறார். “ஏப்ரல் முதல் தேதி திறந்துவிடும்” என்று எழுதுவது அப்படிப்பட்டது. திறக்கும் தேதியை ஒவ்வோர் ஆண்டும் வனத்துறைதான் அறிவிக்கிறது. அது தள்ளிப் போகவும் கூடும். அறை வாடகை விடுதியின் கையில் இருக்கிறது. அதை உறுதியாகச் சொல்லலாம். பூங்கா திறக்கும் தேதியைச் சொல்ல முடியாது. மேலே உள்ள கடிதம் இரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்திருப்பதைக் காணலாம்.

பாலக்காட்டுப் பக்கம்

பாலக்காட்டுச் சுற்றுலா அலுவலகங்களில் வேறு விதமான சிக்கல். பறம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருப்பது கேரளத்தில். பயணிகள் போகும் சாலையோ தமிழ்நாட்டு வழியாக, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் என்று செல்கிறது. திருப்பூரிலிருந்து நான்கு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும் என்று எழுதுகிறார்கள். இருசக்கர வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை.

“அனுமதி இல்லை” என்று மட்டும் எழுதினால், “கேரள அதிகாரியிடம் பேசிக்கொள்கிறோம்” என்பார்கள். ஆகவே விதியோடு இடத்தையும் சொல்லிவிட வேண்டும்: “சேத்துமடை சோதனைச் சாவடி தமிழ்நாட்டு வனத்துறையுடையது. இருசக்கர வண்டிகளை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.” காரணம் ஒரு வரி: “யானை நடமாடும் காட்டுச் சாலை; வண்டியில் இருப்பவருக்கு மறைவு கிடையாது.” பிறகு மாற்று வழி: “வண்டிகளைப் பொள்ளாச்சியில் விட்டுவிட்டுப் பேருந்திலோ வாடகைக் காரிலோ வாருங்கள். கேரள வனத்துறையின் வாகனத்தில் காட்டைச் சுற்றிப் பார்க்கலாம். இரவு தங்குவதென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.”

இங்கே எழுத்தருக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. பேருந்து நேரத்தை அன்றே விசாரித்துவிட்டு எழுத வேண்டும். சென்ற ஆண்டுக் கடிதத்திலிருந்து நேரத்தை நகல் எடுத்து அனுப்பி, நான்கு பேரைப் பொள்ளாச்சி நிலையத்தில் காக்க வைத்தால், மறுப்பைவிட அந்த மாற்று வழிதான் அதிகக் கெட்ட பெயரைத் தேடித் தரும்.

மாற்று வழியே இல்லாதபோது

சில சமயம் கொடுக்க எதுவும் இருக்காது. 2018-ல் நீலக்குறிஞ்சி பூத்ததைக் கேள்விப்பட்டு, “இந்த ஆண்டு இரவிகுளத்தில் பார்க்க முடியுமா?” என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அங்கே அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெருவாரியாகப் பூப்பது. அடுத்தது 2030-ல் எதிர்பார்க்கப்படுகிறது. வேறு ஏதோ பூவைக் காட்டுகிறோம் என்று இழுப்பது ஏமாற்று வேலை. “அதுவரை இல்லை, செய்தி வந்தால் எழுத வேண்டுமா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்வதே சரி.

மறுப்புக் கடிதம் சரியாக அமைந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மாதத்து மின்னஞ்சல்களைத் திறந்து, ஒரே விஷயத்தை இரண்டாம் முறை கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். “பணம் கூடத் தருகிறோம்” என்றிருந்தால் விதி தெளிவாக இல்லை. “ஏன்?” என்றிருந்தால் காரணம் விடுபட்டிருக்கிறது. “அப்படியானால் நாங்கள் என்ன செய்வது?” என்றிருந்தால் மாற்று வழியை எழுத மறந்தாயிற்று.