பொரோவா, லென்டா? பிரிங்கா, டேக்கா? – நண்பனுக்கு எழுதும் சிறு குறிப்பில் திசை தவறாமல் எழுதுதல்

மாணவர்களே, ஆங்கில வினாத்தாளில் நண்பனுக்குச் சிறு குறிப்பு எழுதும் வினா வந்தால், அதில் பெரும்பாலும் ஒரு வேண்டுகோள் இருக்கும். கொப்பி கேட்பீர்கள், வீட்டுக்கு வரச் சொல்வீர்கள், அல்லது ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்வீர்கள். எழுத்துப் பிழை விட்டால் நீங்கள் சொல்ல வந்தது எப்படியும் விளங்கும். ஆனால் இந்தச் சில வினைச்சொற்களை மாற்றி எழுதினால் பொருளே தலைகீழாகி விடும். இந்தப் பகுதியில் ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். கண்ணால் வாசித்துக் கடந்து போகாமல், வாயால் சொல்லிப் பாருங்கள்.

முதலில் உங்கள் சொற்கொப்பியை எடுத்துப் பாருங்கள். எனது வகுப்பில் நான் பார்க்கும் கொப்பிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: பொரோ – இரவல். லென்ட் – இரவல். இரண்டுக்கும் ஒரே கருத்தை எழுதினால் பரீட்சை மண்டபத்தில் எது நினைவுக்கு வருகிறதோ அதைத்தான் எழுதுவீர்கள். தமிழில் நாம் ஒருபோதும் இதில் குழம்புவதில்லை. "இரவல் வாங்கினேன்" என்றால் பொருள் என் கைக்கு வந்தது. "இரவல் கொடுத்தேன்" என்றால் என் கையை விட்டுப் போனது. கொப்பியில் "வாங்கு", "கொடு" என்ற பாதியை விட்டுவிட்டு "இரவல்" என்பதை மட்டும் எழுதியதுதான் பிழை. பொருள் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது அந்த விடுபட்ட பாதிதான். ஆகவே இன்றே திருத்தி எழுதுங்கள்: பொரோ – இரவல் வாங்கு. லென்ட் – இரவல் கொடு.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தில் இருப்பவனிடம் நாம் எப்படிக் கேட்கிறோம்? "மச்சான், உன்ர கல்குலேற்றரை ஒருக்கா தா" என்று கேட்கிறோம். அந்த வாக்கியத்தில் இரவல் என்ற சொல்லே இல்லை. "தா" என்பது அவன் செய்ய வேண்டிய செயல். அதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த சொல்லான பொரோவைப் போட்டு, "கேன் யூ பொரோ மீ யுவர் கல்குலேற்றர்?" என்று எழுதிவிடுகிறீர்கள். இது பிழை. அவன் இரவல் வாங்கப் போவதில்லையே, கொடுக்கப் போகிறான்.

இதற்கு ஒரு சிறு வழி உண்டு. நீங்கள் ஒரு பொருளைக் கேட்கும்போது, வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள். எழுவாய் "ஐ" என்றால் வாங்குபவர் நீங்கள், பொரோ வரும்: "கேன் ஐ பொரோ யுவர் கல்குலேற்றர்?" எழுவாய் "யூ" என்றால் கொடுப்பவர் நண்பர், லென்ட் வரும்: "குட் யூ லென்ட் மீ யுவர் கல்குலேற்றர்?" இரண்டும் சரி, இரண்டும் மரியாதையானவை. லென்டுக்குப் பின்னால் "மீ" வரலாம். பொரோவுக்குப் பின்னால் "மீ" வராது. யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டுமானால் "ஃபுரொம்" போட வேண்டும்: "ஐ பொரோட் இட் ஃபுரொம் கண்ணன்."

இந்த வழி நீங்கள் கேட்கும் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். பொருள் உங்களுடையதாக இருந்து, நீங்களே கொடுக்க முன்வந்தால் எழுவாய் மாறிவிடும்: "ஐ கேன் லென்ட் யூ மை பைசிக்கிள்", "யூ கேன் பொரோ மை பைசிக்கிள்." ஒருமுறை ஒரு மாணவி தன் தோழிக்கு, "ஐ வில் லென்ட் யுவர் புக்" என்று எழுதியிருந்தாள். வாங்கிப் படிக்கப் போகிறேன் என்பது அவள் நினைத்தது. உன் புத்தகத்தை நான் வேறு யாருக்கோ இரவல் கொடுக்கப் போகிறேன் என்பது எழுதியது. தோழி அதைப் படித்தால் புத்தகத்தைக் கொடுத்தே இருக்க மாட்டாள்!

இன்னும் ஒன்று. இரவல் என்றால் கொண்டுபோய்த் திருப்பித் தருவது. நண்பரின் வீட்டில் நின்றபடியே அவருடைய தொலைபேசியில் பேசக் கேட்பதானால் "கேன் ஐ யூஸ் யுவர் ஃபோன்?" என்பதே நல்லது. எழுதி முடித்த தாளைத் திருப்பித் தர முடியாது. ஆகவே ஒரு தாள் கேட்கும்போது "கேன் யூ கிவ் மீ அ ஷீட் ஒஃப் பேப்பர்?" என்று கேளுங்கள். பணம் மட்டும் விதிவிலக்குப் போலத் தோன்றும். அதே நோட்டைத் திருப்பித் தராவிட்டாலும் அந்தத் தொகையைத் தருகிறோம் அல்லவா? அதனால் பணத்துக்கு பொரோ, லென்ட் இரண்டும் வரும்.

அடுத்து பிரிங், டேக். இங்கும் கொப்பியைத்தான் குறை சொல்வேன். "டேக் – எடு" என்று எழுதியிருப்பீர்கள். அது பிழையில்லை, ஆனால் போதாது. டேக் என்பதற்குக் "கொண்டுபோ" என்ற கருத்தும் உண்டு. பிரிங் என்றால் "கொண்டுவா". இப்படி எழுதினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏனென்றால் கம், கோ என்பவற்றுக்கும் இதே கணக்குத்தான். கம் வரும் இடத்தில் பிரிங் வரும், கோ வரும் இடத்தில் டேக் வரும். கையில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பதே வித்தியாசம்.

எப்போது "வா", எப்போது "போ"? இதை ஆங்கிலப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. இன்றும் நாம் "உனக்குத் தாறன்", "உன்ர வீட்ட வாறன்" என்றும், "அவனுக்குக் குடுக்கிறன்", "அவன்ர வீட்ட போறன்" என்றும்தான் பேசுகிறோம். ஆங்கிலத்தின் கம்மும் பிரிங்கும் ஏறத்தாழ இதே வழியில் நடக்கின்றன. நான் இருக்கும் இடம், அல்லது கேட்கும் நீ இருக்கும் இடம் என்றால் கம், பிரிங். வேறு இடம் என்றால் கோ, டேக். தொலைபேசியில் நண்பனிடம் "ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் அட் ஃபைவ்" என்று சொல்வது அதனால்தான். கிவ் என்ற சொல் மட்டும் தா, கொடு இரண்டையும் விழுங்கிவிட்டது. அதில் திசை பார்க்க வேண்டியதில்லை.

மாணவர்கள் தவறுவது "இருக்கும் இடம்" என்பதை இப்போது இருக்கும் இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்வதால். பொருள் போய்ச் சேரும் நேரத்தில் யார் அங்கே இருப்பார் என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்து எழுதினாலும், நாளை நீங்களும் பாடசாலையில் இருப்பீர்கள் என்றால் "பிளீஸ் பிரிங் மை புக் டு ஸ்கூல் டுமோரோ" சரி. நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள் என்றால் டேக்தான் வேண்டும்.

இப்போது ஒரு வினாவைச் செய்து பார்ப்போம். உங்களுக்குக் காய்ச்சல், நாளை பாடசாலைக்குப் போக முடியாது. விடுமுறைக் கடிதத்தை வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். விஞ்ஞானக் குறிப்பு இரண்டு நாளைக்கு இரவலாக வேண்டும். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் கண்ணனுக்குத் தம்பி மூலம் ஒரு குறிப்பு அனுப்புகிறீர்கள். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"டியர் கண்ணன், ஐ ஹேவ் அ ஃபீவர். ஐ கேனொட் கம் டு ஸ்கூல் டுமோரோ. பிளீஸ் பிரிங் மை லெட்டர் டு ஸ்கூல். கேன் யூ பொரோ மீ யுவர் சயன்ஸ் நோட்ஸ்? பிளீஸ் கோ டு மை ஹவுஸ் இன் த ஈவ்னிங்."

இரண்டாவது வாக்கியம் சரி. நாளை கண்ணன் பாடசாலையில் இருப்பான், ஆகவே அவனுக்கு எழுதும்போது கம் பொருந்தும். மூன்றாவது வாக்கியத்தில் சிக்கல் தொடங்குகிறது. பாடசாலைக்கு வரமுடியாது என்று சொன்னவர், அடுத்த வரியிலேயே தான் அங்கே நின்று கடிதத்தை வாங்கிக்கொள்வது போல பிரிங் என்கிறார். நான்காவது வாக்கியத்தில் எழுவாய் "யூ", ஆகவே லென்ட் வர வேண்டும். கடைசி வாக்கியத்தைப் படிக்கும் கண்ணன், நண்பன் வீட்டில் இல்லைப் போலும், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களோ என்று பயந்துவிடுவான். நீங்கள் வீட்டில்தான் படுத்திருக்கிறீர்கள், அதனால் கம்.

திருத்திய குறிப்பு இது:

"டியர் கண்ணன், ஐ ஹேவ் அ ஃபீவர், ஸோ ஐ கேனொட் கம் டு ஸ்கூல் டுமோரோ. பிளீஸ் கம் டு மை ஹவுஸ் இன் த மோர்னிங் அன்ட் டேக் மை லெட்டர் டு அவர் கிளாஸ் டீச்சர். குட் யூ லென்ட் மீ யுவர் சயன்ஸ் நோட்ஸ் ஃபோர் டூ டேய்ஸ்? யூ கேன் பிரிங் தெம் இன் த ஈவ்னிங். ஐ வில் பிரிங் தெம் டு ஸ்கூல் ஒன் ஃபிரைடே."

"கம் டு மை ஹவுஸ் அன்ட் டேக் மை லெட்டர்" என்ற இடத்தைக் கவனியுங்கள். ஒரே வாக்கியத்தில் திசை இரண்டு முறை மாறுகிறது. கண்ணன் முதலில் உங்களை நோக்கி வருகிறான், பின்பு உங்களை விட்டுப் போகிறான். கடைசி வாக்கியத்தில் மறுபடியும் பிரிங். ஏனெனில் வெள்ளிக்கிழமை கண்ணன் பாடசாலையில் இருப்பான்.

மூன்றாம் இடம் ஒன்றுக்கு இருவரும் சேர்ந்து போவதானால் என்ன செய்வது? "ஐ ஆம் கோயிங் டு த லைப்ரரி. ஆர் யூ கமிங்?" என்று கேட்க வேண்டும். இதுவும் தமிழ்தான்: "நான் லைப்ரரிக்குப் போறன், நீயும் வாறியோ?" என்னோடு சேர்ந்து வருவதால் கம். குடையும் வேண்டுமென்றால் "பிரிங் யுவர் அம்ப்ரெல்லா."

ஆனால் தமிழ் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. புறப்படும்போது "போறன்" என்று சொல்லக் கூடாது என்று வீட்டில் பழக்கியிருக்கிறார்கள், அதனால் "போயிட்டு வாறன்" என்கிறோம். அதை "ஐ வில் கோ அன்ட் கம்" என்று நம் நாட்டில் பலர் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். பேச்சில் யாரும் கோபிக்கமாட்டார்கள். விடைத்தாளில் மட்டும் "ஐ ஆம் கோயிங் நவ். சீ யூ டுமோரோ" என்று எழுதுங்கள்.

பயிற்சி: பொருத்தமான வினைச்சொல்லால் நிரப்புக.

1. "மே ஐ ______ யுவர் கொம்பாஸ் பொக்ஸ்?"
2. தொலைபேசியில்: "ஐ ஆம் அட் ஹோம். பிளீஸ் ______ யுவர் மெத்ஸ் புக் வென் யூ கம்."
3. "மை பிரதர் இஸ் இன் ஹொஸ்பிட்டல். குட் யூ ______ திஸ் ஃபூட் டு ஹிம்? ஐ ஹேவ் டு ஸ்டே ஹியர்."
4. "நிமலா ______ மீ ஹண்ட்ரட் ருபீஸ் யெஸ்டர்டே."

விடைகள்: 1. பொரோ. 2. பிரிங். 3. டேக். 4. லென்ட் – இறந்தகாலம் என்பதால் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து "டி" அல்ல, "ரீ". நாளைக்கு இந்த எழுத்தில்தான் புள்ளி போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.