தானே புதுப்பித்துக்கொள்ளும் பாக்கிப் பட்டியல்

எக்ஸெலில் ஒரு பெரிய பட்டியலிலிருந்து வேண்டிய வரிசைகளை மட்டும் பார்க்க, பெரும்பாலானோர் தலைப்பில் உள்ள ஃபில்டர் அம்புக்குறியைப் பயன்படுத்துகிறார்கள். அது வேண்டாத வரிசைகளை மறைக்கிறது, அவ்வளவுதான். மூலத் தரவு மாறினால் அது தானாக மறுபடி வடிகட்டாது. `Reapply` பொத்தானை அழுத்தியாக வேண்டும். வடிகட்டியதை நகலெடுத்து வேறொரு ஷீட்டில் ஒட்டினாலோ, அந்த நகலுக்கும் மூலத்துக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

இந்தக் குறையைப் போக்குவது `FILTER` என்ற ஃபார்முலா. ஒரே ஒரு செல்லில் எழுதினால் போதும். விடை எத்தனை வரிசையோ அத்தனை செல்களுக்குத் தானே பரவிக்கொள்ளும். இப்படிப் பரவும் ஃபார்முலாக்களுக்கு டைனமிக் அரே என்று பெயர். மைக்ரோசாஃப்ட் இவற்றை 2018 செப்டம்பரில் அறிவித்தது.

ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பில் எண், தேதி, வாடிக்கையாளர், ஊர், தொகை, வரவு, பாக்கி என்று ஏழு பத்திகள். ஓர் ஊரின் பெயரைக் கொடுத்தால் அந்த ஊரில் இன்னும் பணம் வரவேண்டிய பில்கள் மட்டும் தனி ஷீட்டில் தெரியவேண்டும் என்பதே தேவை.

முதல் வேலை, மூலப் பட்டியலை டேபிளாக மாற்றுவது. பட்டியலுக்குள் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து `Ctrl+T` அழுத்தி, பிறகு அந்த டேபிளுக்கு `Bills` என்று பெயரிடலாம். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு `A2:G500` என்பதுபோல் எல்லையை எழுதுபவர்கள் உண்டு. 501-ஆம் வரிசையில் பில் ஏறிய நாளிலிருந்து அவர்களுடைய அறிக்கை குறைபட்டதாகிவிடும். எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் தராது. டேபிளின் அடியில் புதிய வரிசை எழுதினால் டேபிளும் அதோடு நீளும், அதைச் சுட்டும் ஃபார்முலாவும் புதிய வரிசையைச் சேர்த்துக்கொள்ளும். அறிக்கை தானாகப் புதுப்பிக்கப்படுவதில் பாதி டேபிளின் வேலைதான்.

அடுத்து அறிக்கை ஷீட். `B1`-இல் ஊர்ப் பெயர். `A3`-இல் `=Bills[#Headers]` என்று எழுதினால் ஏழு தலைப்புகளும் வந்துவிடும். `A4`-இல் முக்கியமான ஃபார்முலா:

```
=FILTER(Bills, (Bills[Town]=B1)*(Bills[Balance]>0), "பாக்கி இல்லை")
```

முதல் பகுதி எதை வடிகட்டுவது என்பதையும், நடுப்பகுதி எந்த நிபந்தனையில் என்பதையும், கடைசிப் பகுதி ஒன்றும் தேறாவிட்டால் என்ன காட்டுவது என்பதையும் சொல்கின்றன. கடைசிப் பகுதியை விட்டுவிட்டால், பாக்கியே இல்லாத ஊருக்கு `#CALC!` என்ற பிழை வரும்.

நடுவில் இருக்கும் பெருக்கல் குறிக்கு விளக்கம் தேவை. டேபிளில் ஐந்து பில்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 101, 103, 105 ஆகியவை ஈரோடு, 102 கரூர், 104 சேலம். 101-க்குப் பணம் முழுவதும் வந்துவிட்டது. 103-இல் 15,000 ரூபாயும் 105-இல் 9,400 ரூபாயும் நிற்கின்றன. மற்ற ஊர்ப் பில்கள் இரண்டிலும் பாக்கி உண்டு. `B1`-இல் ஈரோடு என்று இருந்தால், முதல் நிபந்தனை ஒவ்வொரு பில்லுக்கும் ஆம், இல்லை என்று விடை தரும். அது 1, 0, 1, 0, 1 என்று கொள்ளப்படுகிறது. பாக்கி நிபந்தனையின் விடை 0, 1, 1, 1, 1. இரண்டையும் பெருக்கினால் 0, 0, 1, 0, 1. இரண்டு நிபந்தனையும் பொருந்திய 103, 105 மட்டும் 1 பெறுகின்றன; அவையே அறிக்கையில் வருகின்றன. இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்றால் பெருக்கலுக்குப் பதில் கூட்டல் குறி.

இப்போது 105-க்கான 9,400 ரூபாய் வந்து, வரவுப் பத்தியில் பதிந்தால், பாக்கி சுழியமாகிறது. அந்த நொடியே அறிக்கையில் 105 மறைந்து 103 மட்டும் நிற்கும். `B1`-இல் கரூர் என்று மாற்றினால் 102 வரும். கணக்கிடும் முறை `Manual` என்று வைக்கப்பட்டிருந்தால் மட்டும் `F9` அழுத்தவேண்டியிருக்கும்.

மொத்தப் பாக்கியைக் காட்டும்போது, பரவிய பகுதியின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். எல்லையைக் கையால் எழுதிக் கூட்டுவதைவிட, மூலத்திலிருந்தே கூட்டுவது நம்பகமானது:

```
=SUM(FILTER(Bills[Balance], Bills[Town]=B1, 0))
```

ஊர்ப் பெயரையும் கையால் தட்டச்சு செய்யத் தேவையில்லை. `J1`-இல் `=SORT(UNIQUE(Bills[Town]))` என்று எழுதினால் ஊர்கள் வரிசையாக வரும். `B1`-க்கு `Data Validation` மூலம் பட்டியல் அமைத்து, அதன் மூலமாக `=J1#` என்று கொடுக்கலாம். அந்த `#` குறி, `J1`-இலிருந்து பரவியது முழுவதையும், அது எவ்வளவு நீண்டாலும், குறிக்கும்.

பெயர்ப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு பில்லில் "ஈரோடு" என்பதன் பின்னால் ஓர் இடைவெளி தவறுதலாக விழுந்திருந்தால், எக்ஸெலுக்கு அது வேறு ஊர். பில் அறிக்கையில் வராது. பிழைச் செய்தியும் இராது. இந்த முறையில் நேரும் தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் அறிக்கை பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஊர்ப் பட்டியலில் ஈரோடு இரண்டு முறை தெரிந்தால் இதுதான் காரணம் என்று கண்டுகொள்ளலாம். மூலத்தைத் திருத்துவதே நல்லது. உடனடித் தீர்வாக நிபந்தனையில் `TRIM(Bills[Town])` என்று எழுதலாம்.

வெளிப்படையாகத் தெரியும் பிழை `#SPILL!`. பரவ வேண்டிய வழியில் ஏதோ ஒரு செல்லில் எழுத்தோ எண்ணோ இருக்கிறது, அல்லது செல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். பிழை உள்ள செல்லைத் தொட்டால் புள்ளிக் கோடுகள் பரவல் எல்லையைக் காட்டும். அருகிலுள்ள எச்சரிக்கைக் குறியில் `Select Obstructing Cells` என்பதைத் தேர்ந்தால் தடையான செல்லுக்கே கொண்டுபோய்விடும். அறிக்கையையும் டேபிளாக மாற்ற முயன்றால் இதே பிழை வரும். டேபிளுக்குள் ஃபார்முலா பரவ முடியாது.

தேதிப் பத்தியில் 45748 போன்ற எண்கள் வந்தால் அது பிழையல்ல. `FILTER` மதிப்பை மட்டும் கொண்டுவரும், வடிவமைப்பைக் கொண்டுவராது. 45748 என்பது 2025 ஏப்ரல் 1. அந்தப் பத்திக்கு முன்கூட்டியே தேதி வடிவம் கொடுத்துவைக்கவேண்டும். மூலத்தில் காலியாக விட்ட செல்லும் இங்கே 0 என்றே தெரியும்.

அறிக்கைக்குப் பக்கத்துப் பத்தியில் "திங்கள்கிழமை தருவதாகச் சொன்னார்" என்று குறிப்பு எழுதுவது பலருக்கு இயல்பாக வரும் பழக்கம். இங்கே அது கூடவே கூடாது. வரிசைகள் மேலும் கீழும் நகரும்போது குறிப்பு அசையாமல் நிற்கும். ஒருவருடைய வாக்குறுதி இன்னொருவர் பில்லுக்கு நேரே போய்விடும். குறிப்புக்கு மூல டேபிளிலேயே ஒரு பத்தி சேர்க்கவேண்டும். அது பில்லோடு சேர்ந்தே அறிக்கைக்கு வரும்.

`FILTER` மைக்ரோசாஃப்ட் 365-இலும், எக்ஸெல் 2021-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் உண்டு. எக்ஸெல் 2019-இல் இல்லை. அதில் இந்தக் கோப்பைத் திறந்தால் கடைசியாகச் சேமித்த விடை தெரியும். ஃபார்முலாவின் முன்னால் `_xlfn.` என்று ஒட்டியிருக்கும், பட்டியல் புதுப்பிக்கப்படாது. லிப்ரே ஆஃபீஸில் 24.8 பதிப்பிலிருந்து இது கிடைக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் `FILTER` உண்டு என்றாலும், அங்கே மூன்றாவது பகுதி இன்னொரு நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே "பாக்கி இல்லை" என்ற சொல்லை அங்கே `IFERROR` வழியாக வரவழைக்கலாம்.